மல்லாட்டை வேரைப் பிடுங்காதீர், தோண்டிப் பாருங்கள்!

ஆரணி வட்டாரத்தில் சம்பா நெல் அறுவடையானதும் கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் மார்கழிப் பட்டத்தில் நிலக்கடலை விதைப்பது வழக்கம். விதைத்த நான்காவது வாரத்தில் செடி வெளுத்துப் போகிறது என்றும், எத்தனை கிலோ யூரியா போடலாம் என்றும் கேட்டு வரும் விவசாய அன்பர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கான விடை யூரியா மூட்டையில் இல்லை. வேரைச் சுற்றிக் கால் அங்குல அகலத்துக்குள் இருக்கும் மண்ணில் இருக்கிறது. அந்த மண்ணில் என்ன நடக்கிறது என்பதை ஒரு வயலின் அனுபவத்தைக் கொண்டே விளக்கலாம்.

வீட்டில் இரண்டு பட்டுத் தறி, ஊருக்கு வெளியே ஒன்றரை ஏக்கர் நிலம் என்று வாழும் குடும்பம் அது. பெரியவர் அறுபதைத் தாண்டியவர். சம்பா அறுத்த தாளை மடக்கி உழுது, பத்தாம் நாளே மல்லாட்டை விதைத்திருந்தார். அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் பொட்டாசும் இட்டிருந்தார். விதைக்குப் பூசணக்கொல்லி கலந்திருந்தார். ரைசோபியம் பொட்டலமும் கலந்திருந்தார். சொன்னதையெல்லாம் செய்தும் 28ஆம் நாளில் பயிர் வெளிறி நின்றது.

"எல்லாம் கலந்துதாங்க வெதச்சேன். அந்தக் கருப்புத் தூள் ஒண்ணும் வேலை செய்யல. ரெண்டு மூட்டை யூரியா அடிச்சுட்டா தேறிடும் இல்லீங்களா ஐயா?" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க பெரியவரே, முதல்ல வேரைப் பார்ப்போம்" என்று மண்வெட்டி கேட்டேன்.

முதலில் இலையைப் பார்க்க வேண்டும். செடியின் அடி இலைகள் ஒரே சீராக வெளுத்து, நுனிக் கொழுந்து ஓரளவு பச்சையாக இருந்தால் அது தழைச்சத்துப் பற்றாக்குறை. நுனி இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துப் பற்றாக்குறை. சுண்ணாம்பு அதிகமுள்ள நிலத்திலும் தண்ணீர் தேங்கும் இடத்திலும் வரும். அதற்கு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்துத் தெளிப்பதே வழி. யூரியா போட்டால் பணம்தான் வீண். பெரியவர் வயலில் வெளுத்திருந்தவை அடி இலைகள்.

பிறகு வேர். செடியைக் கையால் பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். 'முடிச்சே இல்லை' என்று பலர் சொல்வது இப்படிப் பிடுங்கிப் பார்த்துத்தான். தண்ணீர் பாய்ச்சிய மறுநாள், செடியிலிருந்து அரை அடி தள்ளி மண்வெட்டியை இறக்கி, மண்ணோடு கட்டியாகப் பெயர்த்து, ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்தி மெல்ல அலச வேண்டும். ஒரே இடத்தில் பார்க்காமல் வயலின் ஐந்தாறு இடங்களில் தோண்ட வேண்டும். பக்க வேர்கள் கிளைக்கும் கவட்டில், கேழ்வரகுத் தானியம் போல உருண்டையான முடிச்சுகள் ஒட்டியிருப்பது தெரியும். வீங்கித் தடித்து முண்டும் முடிச்சுமாக வேரே உருமாறியிருந்தால் அது நூற்புழுவின் வேலை. பாக்டீரியா முடிச்சு வேரின் மேல் தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் தள்ளினால் உருண்டு வந்துவிடும்.

அடுத்து, முடிச்சை நகத்தால் கிள்ளியோ பிளேடால் அறுத்தோ உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக, அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்தது போலிருந்தால் அது வேலை செய்யும் முடிச்சு. வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது வேலைக்கு உதவாத இனம் உள்ளே குடியிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

பெரியவர் வயலில் செடிக்கு ஐந்தாறு முடிச்சுகளே இருந்தன. அவற்றிலும் பாதிக்கு மேல் வெள்ளை. வரப்புக்கு அப்பால் அடுத்த கிணற்றுக்காரரின் மேட்டு நிலத்தில் அதே வாரம் விதைத்த மல்லாட்டையைத் தோண்டினோம். செடிக்கு நாற்பதுக்குக் குறையாமல் முடிச்சுகள். அறுத்தவை எல்லாம் சிவப்பு. இத்தனைக்கும் அவர் பாக்டீரியா பொட்டலம் எதுவும் வாங்கவே இல்லை! பெரியவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நல்ல மண்ணில் ஒரு கிராம் எடுத்தால் அதில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கும். பெரும்பாலானவை பட்டினியில் முடங்கிக் கிடப்பவை. அந்த மண்ணுக்குள் வேர் வந்ததும் நிலைமை மாறுகிறது. இலை சூரிய ஒளியில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை வேர் மண்ணில் கசியவிடுகிறது. சர்க்கரை, அங்கக அமிலங்கள், அமினோ அமிலங்கள், வேர் நுனியின் வழுவழுப்பான பசை என்று பலவகையாக. இந்தச் சாப்பாட்டுக்காகப் பாக்டீரியாக்கள் வேரடியில் கூடுகின்றன. சற்றுத் தள்ளியுள்ள மண்ணைவிட வேரை ஒட்டிய மண்ணில் அவை பத்து முதல் நூறு மடங்கு வரை பெருகியிருக்கும். இந்தப் பகுதிக்கு 'ரைசோஸ்பியர்', அதாவது வேர்ச்சூழ் மண்டலம் என்று 1904ஆம் ஆண்டில் பெயரிட்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த லோரன்ஸ் ஹில்ட்னர். பயறு வகைப் பயிர்களின் வேரையும் பாக்டீரியாக்களையும் ஆராய்ந்தவர் அவர்.

இக்கூட்டத்தில் நம் மல்லாட்டைக்கு மிக வேண்டியது ரைசோபியம் குடும்பத்து பாக்டீரியா. நிலக்கடலை வேர் கசியவிடும் ஒருவகைப் பொருளை மோப்பம் பிடித்து இது வருகிறது. அவரைக் குடும்பத்தின் பல செடிகளில் வேர்த்தூவி வழியாக உள்ளே நுழையும். நிலக்கடலையில் அப்படியல்ல. பக்க வேர் முளைத்து வெளியே வரும்போது தாய் வேரின் தோலில் ஒரு சிறு வெடிப்பு உண்டாகிறதே, அந்த வெடிப்புதான் வாசல். முடிச்சுகள் எல்லாம் கவட்டிலேயே இருப்பதற்கு இதுவே காரணம். பக்க வேர் கிளைக்கும் நாளில், அந்த இடத்தில், பாக்டீரியா தயாராக இருக்க வேண்டும். விதையோடு சேர்த்துக் கலக்கச் சொல்வதும் இதனால்தான்.

உள்ளே சென்ற பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிர் உண்ணும் தழைச்சத்தாக மாற்றுகிறது. காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன்தான். ஒரு ஏக்கர் நிலத்துக்கு மேலே நிற்கும் காற்றில் மட்டும் சுமார் 30 ஆயிரம் டன் இருக்கிறது. ஆனால் எந்தப் பயிராலும் அதை நேராக எடுக்க முடியாது. யூரியா ஆலையில் அம்மோனியா செய்ய 400 டிகிரிக்கு மேல் வெப்பமும் காற்றழுத்தத்தைப் போல நூற்றைம்பது மடங்குக்கும் கூடுதலான அழுத்தமும் வேண்டும். பாக்டீரியா அதை மண்ணின் வெதுவெதுப்பிலேயே செய்கிறது. ஆனால் சும்மா செய்வதில்லை. ஒரு கிராம் தழைச்சத்துக்குச் செடி கொடுக்கும் கூலி பத்துப் பன்னிரண்டு கிராமுக்குக் குறையாத சர்க்கரை. மேலே யூரியா தாராளமாகக் கிடைத்தால் செடி இந்தக் கூலியைக் கொடுக்க மறுத்துவிடும்; முடிச்சு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு மூட்டை யூரியா போட்ட மல்லாட்டை கரும்பச்சையாகக் கொடி ஓடி, காய் சொற்பமாக நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முடிச்சின் சிவப்பு நம் ரத்தத்தின் சிவப்புக்கு உறவான ஒரு பொருளால் வருவது. நைட்ரஜனை மாற்றும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. பாக்டீரியா உயிர் வாழவோ ஆக்சிஜன் வேண்டும். இச்சிவப்புப் பொருள் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது. தண்ணீர் தேங்கி மண்ணில் காற்றோட்டம் நின்றால் முடிச்சின் வேலையும் நின்றுவிடும். நிலக்கடலைக்கு வடிகால் வேண்டும் என்பது காய் அழுகாமல் இருப்பதற்கு மட்டுமல்ல.

இவை எவ்வளவு தருகின்றன என்று ஒரு கணக்குப் போடலாம். ஏக்கருக்கு 800 கிலோ காய் விளைந்தால் அதில் பருப்பு சுமார் 560 கிலோ. நூறு கிலோ பருப்பில் சுமார் நாலரை கிலோ தழைச்சத்து இருக்கும். ஆக பருப்பில் மட்டும் 25 கிலோ. காய்ந்த கொடி ஒரு டன் என்றால் அதில் 15 கிலோவாவது இருக்கும். மொத்தம் 40 கிலோ. இறவைக்கு நாம் சிபாரிசு செய்யும் தழைச்சத்து ஏக்கருக்கு 10 கிலோதான். மீதி 30 கிலோவில் மண் கொடுப்பது போகப் பெரும்பகுதி வேர் முடிச்சிலிருந்தே வர வேண்டும். முடிச்சு வேலை செய்யாத வயலில் அந்த இடைவெளிதான் வெளுத்த இலையாகத் தெரிகிறது.

இந்தக் கணக்கிலேயே இன்னொன்றும் இருக்கிறது. மல்லாட்டை போட்டால் நிலத்துக்கு உரம் சேரும் என்பது முழு உண்மையல்ல. காயையும் எடுத்து, கொடியையும் மாட்டுக்குக் கட்டிவிட்டால் நிலத்தில் தங்குவது வேரும் உதிர்ந்த இலையும்தான். கொடி தின்ற மாட்டின் சாணம் அதே வயலுக்குத் திரும்பினால்தான் அந்தப் பேச்சுக்குப் பொருள்.

பெரியவர் வயலில் என்ன தவறு நடந்தது? விசாரித்ததில் பொட்டலத்தின் கதை வெளிவந்தது. விதைப்புக்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, தறிக் கூடத்தில் கல்நார்க் கூரைக்கு அடியிலுள்ள பரணில் போட்டு வைத்திருக்கிறார். அந்தச் சூட்டில் உள்ளே இருந்த பாக்டீரியாவில் பெரும்பங்கு செத்திருக்கும். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி பொட்டலத்தில் கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும். அவை உயிரோடு இருந்தால்தான் அது உயிர் உரம். செத்த பிறகு வெறும் கரித்தூள். அதோடு, பூசணக்கொல்லியையும் பாக்டீரியாவையும் ஒரே நாளில், ஒரே சாக்கில் கொட்டிக் குலுக்கியிருக்கிறார். பரணில் பிழைத்தது மருந்தில் போயிற்று.

அடுத்த கிணற்றுக்காரர் எப்படித் தப்பினார்? அவருடையது மேட்டு நிலம், நெல்லே போடுவதில்லை. பல ஆண்டுகளாக மல்லாட்டை விளைந்த அந்த மண்ணில் அதற்குரிய பாக்டீரியா தானாகவே நிலைத்திருக்கிறது. அப்படிப்பட்ட நிலத்தில் பொட்டலம் கலந்தாலும் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியாது. வெளியிலிருந்து போகும் பாக்டீரியா அங்கே ஏற்கெனவே குடியிருப்பவற்றோடு போட்டியிட வேண்டியிருக்கும். பெரியவரின் வயலோ மாதக்கணக்கில் தண்ணீர் கட்டி நெல் விளைந்த சேறு. காற்றில்லாத அந்தச் சேற்றில் ரைசோபியம் குறைந்துவிடும். ஆகவே நெல்லுக்குப் பின் மல்லாட்டை போடுகிறவர்களும், பல ஆண்டுகள் மல்லாட்டையே போடாத நிலத்தில் புதிதாகப் போடுகிறவர்களும்தான் விதை நேர்த்தியைத் தவறவிடக் கூடாதவர்கள். எல்லா நிலத்துக்கும் ஒரே பலன் என்று நான் சொல்லமாட்டேன்.

இன்னொரு கேள்வி மிச்சம். முடிச்சு இல்லாவிட்டாலும் டி.ஏ.பி.யில் கிடைத்த 9 கிலோ தழைச்சத்து முதல் மாதத்துக்குப் போதுமே, அது எங்கே போயிற்று? அதைத் தின்றது மடக்கி உழுத நெல் தாள். தாளைத் தின்னும் பாக்டீரியாக்களுக்கு அதில் மாவுச்சத்தும் நாரும் ஏராளம். தழைச்சத்து மிகக் குறைவு. தங்கள் உடலை வளர்க்கத் தேவையானதை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். பயிரின் வாய்க்குப் போக வேண்டியது பாக்டீரியாவின் உடலுக்குள் போய்விட்டது. அது அழிந்துபோய்விடவில்லை. தாள் தீர்ந்ததும் பாக்டீரியாக்கள் சாகும். அவற்றைத் தின்று வாழும் ஓரணு உயிர்கள் மிஞ்சிய தழைச்சத்தை வெளியே விடும். அதை அம்மோனியாவிலிருந்து நைட்ரேட்டாக மாற்ற நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று வேறு இரு கூட்டங்கள் காத்திருக்கும். வேரடியில் பயிருக்கு உணவு சுழல்வது இப்படித்தான். ஆனால் அதற்கு வாரங்கள் ஆகும். இளஞ்செடிக்குப் பசி நான்காவது வாரத்திலேயே. தாளை மடக்கி உழுதால் ஈரத்தில் மூன்று நான்கு வாரமாவது மக்கவிட்டு விதைப்பது நல்லது. அவ்வளவு நாள் இல்லையென்றால் தாளை வெளியே எடுத்து எருக்குழியில் போட்டு, மக்கிய எருவாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

இனி அந்த வயலுக்குச் செய்தது. யூரியாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வர எனக்கும் ஆசைதான். ஆனால் முடிச்சு இல்லாத பயிரைப் பட்டினி போடுவது விஞ்ஞானமாகாது. ஏக்கருக்கு 20 கிலோ யூரியாவை மட்டும் களையெடுத்த ஈரத்தில் ஒரே தடவை இடச் சொன்னேன். மறு பாசனத்துக்கு முன், புதிதாக வாங்கிய ரைசோபியம் நான்கு பொட்டலத்தை 10 கிலோ மக்கிய தொழுஉரமும் 10 கிலோ மண்ணும் கலந்து, செடி வரிசையை ஒட்டிக் கீறிய கோட்டில் மாலை வேளையில் தூவி மூடித் தண்ணீர் பாய்ச்சினோம். நிலக்கடலையில் புதுப் பக்க வேர் விடும் வரை புது வாசலும் திறந்துகொண்டே இருக்கும் என்ற நம்பிக்கையில் செய்தது இது. மூன்று வாரம் கழித்துத் தோண்டியபோது இளம் வேர்களில் புது முடிச்சுகள் தென்பட்டன. பாதிக்கு மேல் சிவப்பு. மண் அணைக்கும்போது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டார்கள். பயிர் தேறியது, ஆனால் பக்கத்து நிலத்தின் மகசூலுக்கு ஈடாகவில்லை. இழந்த முதல் மாதம் இழந்ததுதான்.

அடுத்த மார்கழியில் விதை நேர்த்தியை அந்த வீட்டு அம்மாவே கையில் எடுத்துக்கொண்டார். ஏக்கருக்கு 50 கிலோ விதைப் பருப்பு. பூசணக்கொல்லி கலப்பதானால் முதல் நாளே கலந்து, முழுதாக 24 மணி நேரம் கழித்துத்தான் பாக்டீரியா. அவர் மருந்தை விட்டுவிட்டு, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்தார்; அதன் பிறகு இந்த இடைவெளி தேவையில்லை. ஆறவைத்த அரிசிக் கஞ்சி அரை லிட்டருக்குள் எடுத்து, ரைசோபியம் இரண்டு பொட்டலம், பாஸ்போபாக்டீரியா இரண்டு பொட்டலம் குழைத்து, பாயில் பரப்பிய பருப்பின்மேல் தெளித்து இரண்டு கையாலும் மேலோடு புரட்ட வேண்டும். சிபாரிசுக் கணக்கு எக்டேருக்கு ஒவ்வொன்றிலும் மூன்று பொட்டலம், அதாவது ஏக்கருக்கு ஒன்றேகால். பிரித்த பொட்டலத்தை மிச்சம் வைத்துப் பயனில்லை என்பதால் இரண்டாகவே போடச் சொல்கிறேன். கஞ்சி சூடாக இருக்கக் கூடாது. அதிகமாகவும் கூடாது, மல்லாட்டையின் தோல் மெல்லியது, ஊறினால் உரிந்துவிடும். அரை மணி நேரம் நிழலில் உலர்த்தி உடனே விதைத்துவிட வேண்டும்.

பாஸ்போபாக்டீரியாவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் செம்மண்ணில் நாம் இடும் மணிச்சத்தில் பெரும்பங்கை இரும்பும் அலுமினியமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இந்தப் பாக்டீரியா அமிலத்தைச் சுரந்து அந்தப் பிடியைச் சற்றுத் தளர்த்துகிறது. இருப்பதைத்தான் விடுவிக்கும், இல்லாததை உண்டாக்காது. காற்றில் மணிச்சத்து கிடையாது. பல ஆண்டு டி.ஏ.பி. விழுந்த நிலத்தில் இதன் பலனை எதிர்பார்க்கலாம். ஒன்றுமே போடாத கரம்பில் எதிர்பார்க்க வேண்டாம். மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து 'குறைவு' என்றிருந்தால் உரத்தைக் குறைக்காதீர்கள்.

வேரடியில் இக்கூட்டம் இருக்கிறதா என்று அறிய அந்த வீட்டில் ஒரு எளிய சோதனையும் செய்தோம். ஒரே வேட்டியில் கிழித்த இரண்டு பருத்தித் துணித் துண்டுகளை, ஒன்றைத் தொழுஉரம் இட்ட மூலையிலும் மற்றதைப் பல ஆண்டுகளாக எருவே காணாத மூலையிலும், அரை அடி ஆழத்தில் புதைத்து அடையாளக் குச்சி நட்டோம். இரண்டு இடத்திலும் ஒரே அளவு ஈரம் இருக்க வேண்டும். பட்டுத் துண்டு ஏராளமாகக் கிடக்கிறதே என்றார் பெரியவர். பட்டு வேறு வகை நார், எளிதில் மக்காது. சாயமிடாத பருத்தியே வேண்டும் என்றேன். ஐம்பதாம் நாள் தோண்டியபோது எரு இட்ட இடத்துத் துணி சல்லடையாகக் கையில் கிழிந்தது. மற்றது கறைபட்டிருந்தாலும் முழுசாக வந்தது. தறிக் கூடத்து மாடத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஆணியடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஆண்டு 28ஆம் நாளில் போனபோது பெரியவரே வாளியும் பிளேடுமாகக் காத்திருந்தார். நான் எண்ணத் தொடங்குமுன், "முப்பத்தாறுங்க ஐயா, நாலுதான் வெள்ளை" என்றார். ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா இரண்டும் வேளாண்மை விரிவாக்க மையங்களில் கிடைக்கும். வாங்கும்போது மூன்றைப் பொட்டலத்தில் பார்க்க வேண்டும்: நிலக்கடலைக்கு உரியதா (உளுந்துக்கு உரியதை மாற்றி வாங்கிவிடாதீர்கள்), காலாவதி நாள் எது, தயாரித்த நாள் எது. விதைப்புக்கு ஒரு வாரத்துக்கு முன்னால் வாங்கினால் போதும். அதுவரை ஈர மணல்மேல் வைத்த மண்பானையில் வைத்து மூடி வையுங்கள்.